ஒரே நிறமாகத் தெரிந்த இரண்டு கோடுகள்

எனக்கு எழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே போடுவது, எங்கே விடுவது என்று இன்றைக்கும் தெரியாது. எந்தக் கிழமை என்ன நடந்தது என்பதும் குழம்பிப் போகிறது. எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் செக்கிங் கொட்டகையில் இருக்கிறேன். வீட்டு மெயின் பெட்டியில் மாட்டுகிற வெள்ளைப் பீஸ் கட்டைதான் எங்கள் கம்பெனியில் செய்வது. சூளையிலிருந்து இறங்கி ஆறிய கட்டைகள் எங்கள் மேசைக்கு வரும். மேசையைச் சுற்றி ஆறு பெண்கள். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டுவோம். நல்லது என்றால் கிண்ணென்று கேட்கும். விரிசல் இருந்தால் சட்டி மாதிரி மொத்தையாகக் கேட்கும். பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்போம். மேலே பூசியிருக்கிற கண்ணாடிப் பூச்சில் சில சமயம் ஊசியால் குத்தினது போல ஓட்டை இருக்கும். அதற்கு ஊசி ஓட்டை என்றே பெயர். விரிசல் விட்ட கட்டை கரண்டுக்கு ஆகவே ஆகாது. ஊசி ஓட்டை அவ்வளவு மோசமில்லை என்றாலும் அதையும் ஒதுக்கி விடுவோம்.

ஒதுக்குகிற கட்டை எல்லாம் ஒரே கூடைக்குத்தான் போகும். போடுவதற்கு முன்னால் மெழுகுக் குச்சியால் ஒரு கோடு இழுப்போம். விரிசலுக்குச் சிவப்பு. ஊசி ஓட்டைக்குப் பச்சை. சாயங்காலம் கூடையைக் கவிழ்த்துச் சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை என்று எண்ணி ஆபீசுக்குக் கொடுப்போம். எங்களில் இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நிறம் என்றால் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் இப்படி வைத்திருந்தோம்.

ஆபீசில் ஒரு பெண் இருக்கிறாள். திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். காலேஜ் படித்தவள். எங்களிடமிருந்து கணக்கை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வாரத்துக்கு ஒரு ரிப்போர்ட் செய்து கட்டை வாங்குகிற கம்பெனிகளுக்கு அனுப்புவாள். வாங்குகிற கம்பெனியை நாங்கள் பார்ட்டி என்று சொல்வோம். அந்த ரிப்போர்ட்டில் ஒரு கோட்டுப் படம் இருக்கும். எட்டு வாரமாக விரிசல் எப்படி ஏறி இறங்கியது, ஊசி ஓட்டை எப்படி ஏறி இறங்கியது என்று இரண்டு கோடு. அதில் ஒரு பிரதி எங்கள் கொட்டகைச் சுவரிலும் ஒட்டுவாள்.

முதலில் அவள் போட்ட படத்தில் ஒரு கோடு கறுப்பு, ஒரு கோடு நீலம். எது எது என்று எங்களுக்குப் புரியவில்லை. நான்தான் ஒரு நாள் தைரியம் வந்து கேட்டேன்.

"பாப்பா, எங்க குச்சி கலர்லயே போட்டுடேன். சிவப்புன்னா விரிசலு, பச்சைன்னா ஊசி ஓட்டை. அவங்களும் பாத்தவொடனே தெரிஞ்சிக்குவாங்க."

"நல்ல ஐடியாவா இருக்குதே பெரீம்மா" என்றாள். அன்றிலிருந்து சிவப்பும் பச்சையும். எந்தக் கோடு எது என்று அடியில் ஒரு சின்னக் கட்டம் கட்டி, சிவப்புத் துண்டு ஒன்று, பச்சைத் துண்டு ஒன்று, பக்கத்தில் பெயர். அதே படம்தான் பார்ட்டிக்கும் போனது. நான் கேட்டுத்தான் மாறியது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பின்னால் அதற்காக நிறைய வருத்தப்பட்டேன்.

போன வருஷம் மழைக்கு முன்னால், எங்கள் பெரிய பார்ட்டியிலிருந்து மெயில் வந்தது. அங்கே தரம் பார்க்கிற ஆபீசர் மாறிப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். வந்து இரண்டு மாசம் இருக்கும். உங்கள் ரிப்போர்ட்படி விரிசல் வாராவாரம் கூடிக்கொண்டே போகிறது, உங்கள் செக்கிங்கில் நம்பிக்கை இல்லை, அடுத்த மாசத்திலிருந்து கட்டையைச் செக் பண்ணாமல் அப்படியே அனுப்புங்கள், எங்கள் ஆட்களை வைத்து இங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்.

மேஸ்திரி அதைக் கொட்டகையில் வந்து படித்துக் காட்டினார். கம்பெனியில் பாதிக்கு மேல் அந்தப் பார்ட்டிக்குத்தான் போகிறது. செக்கிங் இங்கே இல்லையென்றால் மேசை இல்லை. மேசை இல்லையென்றால் நாங்கள் ஆறு பேரும் இல்லை.

"யக்கா, வெரிசலு கூடுதுன்னா சொல்றாங்க?" என்றாள் எனக்கு எதிரில் உட்காருகிறவள். அவளுக்குக் கொஞ்சம் வாய் அதிகம். "செவுத்துல பாரு, செவப்புக் கோடு சறுக்குமரமாட்டம் கீழ எறங்குது. அவருக்கு மட்டும் மேல ஏறுதா? படத்தைத் தலகீழா வச்சிப் பாத்தாரா?"

அவள் சொன்னது சரிதான். ஈரக் கட்டையைக் காயவைக்கிற இடத்துக்குப் படுதா கட்டி, அவசரமில்லாமல் நிழலில் காயவிட்டதிலிருந்து விரிசல் குறைந்துதான் வந்தது. கூடியது ஊசி ஓட்டை. சுவரில் இருந்த படத்தில் இரண்டு கோடும் நடுவில் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே வெட்டிக்கொண்டு, சிவப்பு கீழேயும் பச்சை மேலேயும் போயிருந்தது.

ஆபீஸ் பெண் போன் செய்து சொல்லிப் பார்த்தாள். "சார், விரிசல் குறைஞ்சிருக்குங்க சார், சிவப்புக் கோடு பாருங்க" என்றாளாம். "நான் படத்தைப் பார்த்துக்கிட்டுத்தாம்மா பேசறேன்" என்று அவர் கொஞ்சம் கடுப்பாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் முதலாளி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பார்ட்டியோடு வாயாடக் கூடாது, வியாழக்கிழமை நேரில் வருகிறார், பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வியாழக்கிழமை வந்தார். நாற்பது வயசு இருக்கும். மரியாதையான மனிதர். எங்களை எல்லாம் "வாங்க, போங்க" என்றுதான் பேசினார். மேசை ஓரத்தில் நின்று நாங்கள் தட்டுவதைப் பார்த்தார். பிறகு ஒதுக்கின கூடைப் பக்கம் போனார்.

"இதுல விரிசல் உள்ளது மட்டும் ஒரு நாலு எடுத்துக்கறேன். கொண்டுபோய்க் காட்டணும்" என்றார்.

"எடுத்துக்குங்க சார். கோடு போட்டிருக்குது, சொவப்பு" என்றார் மேஸ்திரி.

அவர் குனிந்து நாலு கட்டையை எடுத்தார். கொஞ்ச நேரம் கூடையையே பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். இரண்டில் சிவப்புக் கோடு. இரண்டில் பச்சைக் கோடு. ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி விரிசலைத் தேடினார். அது பச்சைக் கோடு போட்டது. அதில் விரிசல் எங்கே இருக்கும்? தட்டிப் பார்த்தார். கிண்ணென்றது. அவர் முகம் சுருங்கியது.

"இதுல விரிசலே இல்லையே. இதை ஏன் விரிசல்னு போட்டீங்க?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். பெரிய ஆபீசர் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டார். "சார் எங்களைச் சோதிக்கிறாரு" என்றார். ஆபீசர் சிரிக்கவில்லை. கட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை முடிவைச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அந்தக் குனிந்து பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். என் மகன் அப்படித்தான் பார்ப்பான்.

அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நல்லூர்ப் பக்கம் என் தம்பி கொல்லையில் மிளகாய் பறிக்க விட்டால் பழமும் காயும் கலந்து பறித்துக்கொண்டு வருவான். கவனமில்லை என்று தம்பி அடித்திருக்கிறான். ஸ்கூலில் படம் போட்டால் மாட்டுக்குப் பச்சை அடித்து வைப்பான். குறும்பு என்று நானும் அடித்திருக்கிறேன். அவனுக்கு ரயில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஜங்ஷன் இருக்கிற ஊரில் பிறந்த பிள்ளை, வேறு என்ன ஆசை வரும்? பரீட்சை எல்லாம் பாஸ் செய்துவிட்டான். கண் பார்க்கிற இடத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிற புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன நம்பர் என்று கேட்டிருக்கிறார்கள். இவனுக்கு வெறும் புள்ளிதான் தெரிந்திருக்கிறது. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது தாய் வழியாக வருவது, தாய்க்குத் தெரியாமலே மகனுக்கு வந்துவிடும் என்று அந்த டாக்டர் சொன்னாராம். வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் ஊரில் சொல்லிக்கொண்டோம். இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

அப்படியும் எப்படியோ விஷயம் வெளியில் தெரிந்து, கொஞ்ச நாளில் அவன் கூட்டாளிகள் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. போகிற இடமெல்லாம் ஒரு சட்டையைக் காட்டி, ஒரு பூவைக் காட்டி, "இது என்னா கலரு சொல்லு" என்பார்கள். சொன்னால் சிரிப்பார்கள். அந்த ஆபீசரை யாரும் அப்படி நிற்க வைத்துக் கேட்கக் கூடாது என்று தோன்றியது. அவர் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்றால் அவருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஆனால் சொல்லாமலே இருந்தால் திங்கட்கிழமை எங்கள் மேசை போய்விடும்.

அன்று சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் பெண்ணைக் கைகழுவுகிற குழாயடிக்குக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதே அவளுக்கு ஆச்சரியம்.

"பாப்பா, அந்த ஆபீசரு கண்ணுல ரெண்டு கலரும் ஒண்ணாத் தெரியுதுன்னு நெனைக்கிறேன்."

"எப்படிச் சொல்றீங்க பெரீம்மா?"

நான் பார்த்ததைச் சொன்னேன். அவள் டிபன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். சுவரில் ஒட்டின படத்தைப் போட்டோ எடுத்து, அதிலேயே நிறத்தை எல்லாம் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக ஆக்கினாள். இரண்டு கோடும் ஒரே சாம்பல். நடுவில் வெட்டிக்கொள்கிற இடத்துக்கு அப்புறம் எந்தக் கோடு எந்தப் பக்கம் போனது என்று எங்களுக்கே தெரியவில்லை. அடியில் இருக்கிற கட்டத்தில் இரண்டு துண்டும் ஒரே சாம்பல்தான்.

"அய்யய்யோ" என்றாள். "கட்டத்துல மொதல் பேரு விரிசல். படத்துல மேல இருக்கற கோடு இது. ரெண்டையும் சேத்து அதான் விரிசல்னு படிச்சிருக்காரு. எல்லாம் கலர்லயே வச்சிட்டேன் பெரீம்மா. கோட்டு மேல பேரு எழுதல, நம்பர் எழுதல."

"நான் கேட்டுத்தான நீ போட்ட" என்றேன்.

"நீங்க செவுத்துக்குக் கேட்டீங்க. பார்ட்டிக்கு அனுப்புனது நான்தானே." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் அவள் கதி என்ன என்ற பயமும் இருந்தது.

வேறு நிறத்தில் மாற்றிப் போட்டால் அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியாது. எங்கள் கண்ணுக்கு எல்லாம் தெரிகிறதே! தெரியாத கண் ஒன்று வேண்டும். எனக்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு. வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு மகன் கடைக்குப் போனேன்.

கடையில் கூட்டமில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது.

"யம்மா, ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையா? வெளி ஆளைக் கூட்டிட்டு வந்து என்னையக் காட்டுற."

எனக்கு அவனிடமும் பேச வராது. அந்தப் பெண்தான் பேசினாள்.

"அண்ணா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பெரீம்மாவையும் சேத்து ஆறு பேருக்கு வேலை போவுது. நான் போட்ட படம்தான் காரணம். எது தெரியுது, எது தெரியலன்னு மட்டும் சொல்லுங்க. கலரு பேரு கேக்க மாட்டேன்."

கலர் பெயர் கேட்கமாட்டேன் என்று அவள் சொன்னதும் அவன் நிமிர்ந்து பார்த்தான். கையை நீட்டினான். பழைய படத்தைக் கொடுத்தோம்.

"ரெண்டும் ஒண்ணுதான். காவி மாதிரி. இதுல போயி விரிசலு எது, ஓட்டை எதுன்னா எவன் சொல்வான்?"

அவள் கடையிலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். சிவப்பையும் பச்சையையும் எடுத்துவிட்டு நீலமும் ஊதாவும் போட்டுப் பிரிண்ட் எடுத்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது. அழகாகக்கூட இருந்தது.

"இதுவும் ஒண்ணுதான்" என்றான் அவன். "ரெண்டும் நீலம்."

"அண்ணா, இது ஊதா."

"ஒனக்கு ஊதா. அதுல இருக்கற செவப்பு எனக்குத் தெரியாதுல்ல? எடுத்துட்டா பாக்கி நீலம்தான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். இந்தப் பேச்சில் அவன் சிரித்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். அப்புறம் அழுத்தமான நீலத்தையும் வெளிர் ஆரஞ்சையும் போட்டாள். அவன் வாங்கிப் பார்த்த உடனே, "ஆங், இது தெரியுது. ஒண்ணு இருட்டா இருக்குது, ஒண்ணு வெளிச்சமா இருக்குது. தூரத்துல வச்சாலும் தெரியும்" என்றான்.

அதோடு விடவில்லை. அந்தத் தாளை எடுத்து மெஷினில் வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் போட்டான். "ஒங்க பார்ட்டி இத அப்படியேவா வச்சிருப்பான்? ஜெராக்ஸ் எடுத்து மேனேஜருகிட்ட நீட்டுவான். தெனம் நான் பாக்குறன்ல. கலருல காசு குடுத்துப் போட்டுட்டு வந்து, ஜெராக்ஸ்ல ஒண்ணும் தெரியலைன்னு என்கிட்டச் சண்டை போடுறானுங்க." ஜெராக்ஸில் ஒரு கோடு கறுப்பாகவும் இன்னொன்று வெளுத்தும் இருந்தது. எது எது என்பதற்கு அடியில் இருக்கிற கட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"இந்தப் பொட்டி எதுக்கு?" என்றான் கட்டத்தைக் காட்டி. "கண்ணு மேலயும் கீழயும் ஓடிட்டே இருக்குது. கோடு முடியற எடத்துலயே பேரை எழுதிட்டா என்னா?"

அவள் கட்டத்தை எடுத்துவிட்டு, கோடு முடிகிற இடத்தில் "விரிசல்" என்று ஒன்றிலும் "ஊசி ஓட்டை" என்று இன்னொன்றிலும் கொட்டை எழுத்தில் எழுதினாள். ஒரு கோட்டை முழுசாகவும் இன்னொன்றை விட்டு விட்டும் இழுத்தாள். ஒன்றில் வாரத்துக்கு ஒரு வட்டம், இன்னொன்றில் வாரத்துக்கு ஒரு சதுரம் வைத்தாள். தொடக்கத்திலும் முடிவிலும் நூறு கட்டைக்கு எத்தனை என்று நம்பர் போட்டாள். மேலே தலைப்பில் வெறும் "வாரக் கணக்கு" என்று இருந்ததை அடித்துவிட்டு, "எட்டு வாரத்தில் விரிசல் குறைந்தது, ஊசி ஓட்டை கூடியது" என்று போட்டாள்.

இரண்டாம் பக்கத்தில், சூளையடியிலேயே ஒதுக்கிவிடுகிற முனை உடைந்த மூளி, கோணல், எங்கள் மேசையில் ஒதுக்குகிற விரிசல், ஊசி ஓட்டை என்று நாலு பட்டை இருக்கும். அதற்கும் நாலு நிறம் தேட ஆரம்பித்தாள். அவன் தடுத்தான். "பட்டைக்கு அடியில பேரு இருக்குதே பாப்பா, அப்பறம் கலரு எதுக்கு? எல்லாத்துக்கும் ஒரே கலரு போடு." அவள் "ஆமால்ல" என்றாள். நாலும் ஒரே நீலமானது.

கிளம்பும்போது மகன் என்னிடம் மட்டும் சொன்னான். "யம்மா, அந்த ஆளுகிட்ட போயி ஒனக்குக் கண்ணு இப்படியான்னு கேட்டுடாதீங்க." கேட்க மாட்டோம் என்றேன்.

சனிக்கிழமை முதலாளி புதுப் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சிவப்பு பச்சைதாம்மா எடுப்பா இருந்துச்சு. இது என்ன மாத்தல்?" என்றார்.

"பழசு ஜெராக்ஸ் எடுத்தா ரெண்டு கோடும் ஒண்ணாயிடுது சார்" என்றாள் அவள். பொய் இல்லை. அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, எழுத்து பெரிதாக இருப்பது நல்லது என்று மட்டும் சொன்னார். அவள் அந்த ஆபீசருக்கு மட்டும் என்று அனுப்பவில்லை. எங்களிடம் வாங்குகிற எல்லாப் பார்ட்டிக்கும் ஒரே மாதிரி அனுப்பினாள். ரிப்போர்ட் தெளிவாக இருக்க வேண்டும் என்று படத்தை மாற்றியிருக்கிறோம், நம்பர் பழைய நம்பர்தான் என்று இரண்டு வரி. பழைய எட்டு வாரத்தையும் புதுப் படமாகப் போட்டுக் கூட வைத்தாள். அடியில் நம்பர் அட்டவணையும் சேர்த்தாள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆபீஸ் பெண் கொட்டகை வாசலில் வந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். நான் சனிக்கிழமைக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு போவது போல ஆபீசுக்குப் போனேன். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். முதலாளியும் இருந்தார்.

"இது அதே எட்டு வாரந்தானா?" என்றது ஆபீசர் குரல்.

"அதே எட்டு வாரந்தாங்க சார். நம்பர் ஒண்ணும் மாறல."

"படத்தை ஏன் மாத்தினீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஜெராக்ஸ்ல ரெண்டு கோடும் ஒண்ணாத் தெரிஞ்சுது சார். எல்லாப் பார்ட்டிக்கும் மாத்திட்டோம்" என்றாள்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று முதலாளி போனைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் மாத்திப் படிச்சிருக்கேன்" என்றார் அவர். "விரிசல் குறைஞ்சுதான் இருக்கு. செக்கிங் அங்கேயே இருக்கட்டும். அந்த மெயிலை நான் வாபஸ் வாங்கிடறேன்."

முதலாளி கும்பிடு போட்டார், போனுக்கு.

"ஆனா ஊசி ஓட்டை ஏன் இப்படி ஏறுது? அதுக்கு என்ன பண்ணப் போறீங்க? இந்த வாரத்துக்குள்ள எனக்குப் பதில் வேணும்" என்றார் அடுத்த மூச்சில். முதலாளியின் கை கீழே இறங்கியது. போனை வைப்பதற்கு முன்னால் ஆபீசர், "இனிமே எல்லா ரிப்போர்ட்டும் இதே மாதிரி அனுப்புங்க. மத்த கம்பெனிக்காரங்களுக்கும் இதைக் காட்டிக் கேக்கப்போறேன்" என்றார்.

எங்கள் மேசை தப்பியது. அன்று மத்தியானமே பூச்சுப் பகுதிக்காரர்களுக்கு முதலாளியிடம் செமத்தியாக விழுந்தது. பூச்சு கலக்குகிறவர் கொட்டகை வழியாகப் போகும்போது, "ஒங்க ஆறு பேரு தலை தப்பறதுக்கு எங்க தலையில கொட்டிட்டீங்களே தாயீ" என்றார்.

"ஒங்க ஓட்டைய நாங்களா குத்துனோம்? இத்தினி நாளா எங்க விரிசலு பேர்ல ஒளிஞ்சிருந்தீங்க" என்றாள் எனக்கு எதிரில் உட்காருகிறவள். அப்புறம் பூச்சுப் பகுதியில் பூச்சைச் சல்லடையில் இரண்டு முறை சலிக்க ஆரம்பித்தார்கள். கொஞ்சம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை.

கூடையிலும் மாற்றம் வந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்புக் குச்சி. விரிசலுக்குப் பெருக்கல் குறி. ஊசி ஓட்டைக்கு வட்டம். எங்களில் எழுத்துத் தெரியாத இரண்டு பேருக்கும் இதில் ஒரு சிரமமும் இல்லை. கூடையையும் இரண்டாக்கிவிட்டோம்.

அந்த ஆபீசர் அதற்கப்புறம் ஒரு தரம் வந்தார். பெருக்கல் குறி போட்ட கட்டை நாலை ஒரே மூச்சில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவர் கண் என் மகன் கண் மாதிரிதானா, இல்லை அன்றைக்கு ஏதோ நினைப்பில் மாற்றி எடுத்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இதை எழுதலாமா என்று மகனிடம் கேட்டேன். பேர் போடாமல் எழுது என்றான். அதனால் யார் பேரும் போடவில்லை. நீலமும் ஆரஞ்சும் அந்த மாதிரிக் கண் உள்ள எல்லோருக்கும் தெரியுமா, ஊதா எல்லோருக்கும் நீலமாகத்தான் தெரியுமா, தாய் வழி என்று டாக்டர் சொன்னதை நான் சரியாகப் பிடித்துக்கொண்டேனா என்பதெல்லாம் எனக்கு ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்துத்தான் தெரியும். ஆபீஸ் பெண்ணுக்கு இதைப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். அவளோ, கண் டாக்டரோ, விவரம் தெரிந்த யாராவது ஒருவர் சரி பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தால் திருத்தி எழுதிவிடுகிறேன்.